தாளுக்கு ஒரு கணக்கு, தவிட்டுக்கு ஒரு கணக்கு

ஆயிரம் கல்யாணப் பத்திரிகை அடிக்க என்ன ஆகும் என்று கேட்டால், அச்சக முதலாளி தாளைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். போன மாதம் உங்கள் அச்சகத்தில் ஓடிய தாள் ஒன்றுக்குச் சராசரியாக என்ன செலவு என்று கேட்டால் விழிப்பார். தெரியாமல் அல்ல, அந்த எண்ணால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ரோலர் மில்லில் நிலைமை தலைகீழ். கோதுமை மைதாவாக வெளியே வர கிலோவுக்கு என்ன அடக்கம் என்பதை மில்காரர் பைசா சுத்தமாகச் சொல்வார். அதோ அந்த மூட்டைக்கு மட்டும் என்ன செலவானது என்றால் சிரிப்பார்.

செலவுக் கணக்கில் ஜாப் காஸ்டிங் என்றும் பிராசஸ் காஸ்டிங் என்றும் சொல்வது இந்த இரண்டு பேருடைய கணக்கைத்தான். முதல் முறையில் செலவு ஒவ்வொரு ஆர்டரின் பெயரிலும் தனித்தனியாக ஏறும். இரண்டாவதில் ஒரு கட்டத்துக்கு ஒரு மாதத்தில் ஆன மொத்தச் செலவைச் சேர்த்து, அந்தக் கட்டத்திலிருந்து வெளிவந்த நல்ல சரக்கின் அளவால் வகுக்க வேண்டும். சூத்திரம் அவ்வளவுதான். ஆளை மாற்றி முறையைப் போட்டால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அச்சகம். நான்கு வண்ண ஆப்செட் மெஷின் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு மணி நேரச் செலவு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆர்டர்கள் வருகின்றன. ஒன்று 1,000 கல்யாணப் பத்திரிகை. ஒரு தாளில் நான்கு விழும் என்பதால் 250 தாள் ஓடினால் போதும். மற்றது ஒரு ஜவுளிக்கடைக்கு 40,000 நோட்டீஸ். அதுவும் தாளுக்கு நான்கு, ஆக 10,000 தாள்.

இரண்டுக்குமே நான்கு பிளேட் வேண்டும்; ஒன்று 300 ரூபாய் என்றால் 1,200. இரண்டுக்குமே பிளேட்டை மாட்டி, மை அளவைச் சரிசெய்து, நான்கு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும்வரை மெஷினைப் பக்குவப்படுத்த ஒரு மணி நேரம் ஆகும், அது 1,500. அதன்பிறகு பத்திரிகை ஓட கால் மணி நேரம், 375 ரூபாய். நோட்டீஸ் ஓட இரண்டு மணி நேரம், 3,000 ரூபாய். காகிதத்தையும் பின்வேலையையும் தனியே வைத்துவிட்டால், அச்சடிக்கும் செலவு பத்திரிகைக்கு 3,075, நோட்டீஸுக்கு 5,700. மொத்தம் 8,775 ரூபாய்.

இப்போது மில்காரர் பாணியில் இதைச் சராசரி ஆக்குவோம். 10,250 தாளுக்கு 8,775 என்றால் தாளுக்குச் சுமார் 86 பைசா. இந்தக் கணக்கில் பத்திரிகையின் தலையில் வெறும் 214 ரூபாய் விழும், நோட்டீஸின் தலையில் 8,561 ரூபாய் விழும். கல்யாண வீட்டுக்காரருக்கு 2,861 ரூபாயை ஜவுளிக்கடைக்காரர் மொய் எழுதிவிட்டார் என்று அர்த்தம். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஜவுளிக்கடைக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? அடுத்த தெருவில் விலை கேட்பார், குறைவாகக் கிடைக்கும், போய்விடுவார். சின்ன ஆர்டர்காரர்களோ இங்கே மலிவு என்று கூட்டமாக வருவார்கள். கொஞ்ச நாளில் மெஷின் காலை முதல் இரவு வரை ஓயாது, பிளேட் மாட்டுவதும் கழற்றுவதுமாக ஆட்கள் வியர்ப்பார்கள், மாதக் கடைசியில் சம்பளத்துக்குக் கைமாற்று வாங்க வேண்டியிருக்கும். வேலை குவிகிறது, காசு நிற்கவில்லை என்று ஓர் அச்சகக்காரர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது அவர் சின்ன ஆர்டருக்கு எப்படி விலை போடுகிறார் என்பதைத்தான்.

இதைத் தடுக்கும் கருவி ஓர் அட்டை, ஜாப் கார்டு. ஆர்டர் எண், எடுத்த தாள், திருப்பிய தாள், பிளேட், மெஷின் ஏறிய நேரம், இறங்கிய நேரம், வெட்டு, மடிப்பு, லேமினேஷன் எல்லாம் அதில் ஏற வேண்டும். அட்டை அச்சடிப்பது சுலபம், எழுத வைப்பதுதான் கஷ்டம். சனிக்கிழமை மாலை உட்கார்ந்து வாரத்தின் நேரத்தையெல்லாம் ஞாபகத்தில் இருந்து எழுதினால் அது கற்பனைக் கதை. ஒவ்வொரு வேலையும் ‘ஒரு மணி நேரம்’, ‘இரண்டு மணி நேரம்’ என்று முழு எண்ணாகவே இருந்தால் கார்டு பின்னால் எழுதப்பட்டது என்று கண்டுகொள்ளலாம். பத்திரிகைக்கு எடுத்த அட்டைத் தாளில் மிஞ்சியது ஸ்டோருக்குத் திரும்பாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டால், முதல் வேலை நஷ்டமாகவும் அடுத்தது அமோக லாபமாகவும் தெரியும். இரண்டும் பொய்.

இன்னொரு சிக்கல் அந்த 1,500 ரூபாய். சிவகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு அன்று புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். அங்கிருந்து டிசம்பர் வரை மூச்சுவிட நேரம் இருக்காது. பொங்கல் கழிந்தால் மெஷின் தூங்கும். வாடகை, வட்டி, தேய்மானம், நிரந்தர ஆட்களின் சம்பளம் எல்லாம் சேர்ந்து மாதம் 3 லட்சம் என்றால், 400 மணி நேரம் ஓடும் மாதத்தில் மணிக்கு 750, 100 மணி நேரம் ஓடும் மாதத்தில் மணிக்கு 3,000. அந்தந்த மாத விகிதத்தைப் போட்டால், மாசி மாதம் பத்திரிகை அடிக்க வந்தவர் காலியாக நின்ற மெஷினுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், கட்டமாட்டார், ஓடிவிடுவார். அதனால் வருடச் செலவு 36 லட்சத்தை, வருடத்தில் எதிர்பார்க்கும் 2,400 மணி நேரத்தால் வகுத்து 1,500 என்று முன்கூட்டியே ஒரு விகிதம் வைத்துக்கொள்வார்கள். வருடக் கடைசியில் கொஞ்சம் கூடக்குறைய வரும், அதைத் தனியே சரிக்கட்டிக்கொள்ளலாம்.

மில்லுக்கு வருவோம். இங்கே வட இந்தியாவிலிருந்து வந்து இறங்கும் கோதுமை ஒரே ஓட்டமாக ஓடுகிறது. சுத்தம் செய்தல், தண்ணீர் தெளித்து ஊறவைத்தல், ரோலரில் உடைத்துச் சலித்தல், மூட்டை பிடித்தல். எந்த மணி எந்த மூட்டைக்குப் போனது என்று கடவுளாலும் சொல்ல முடியாது, சொல்லியும் பயனில்லை. அதனால் கட்டத்துக்கு ஒரு கணக்கு.

சுத்தம் செய்யும் கட்டத்துக்கு 1,00,000 கிலோ போகிறது, கிலோ 28 ரூபாய் வீதம் 28 லட்சம். சுத்தம் செய்யும் செலவு 50,000. கல், தூசி, சூம்பிய மணி என்று 2 சதவீதம் கழிவது வழக்கம். அந்த 2,000 கிலோ தீவனத்துக்கு கிலோ 10 ரூபாய்க்குப் போகிறது, 20,000 வரவு. நிகரச் செலவு 28,30,000. இதை வகுக்க வேண்டியது 1,00,000ஆல் அல்ல, மிஞ்சிய 98,000 கிலோவால். சுத்தமான கோதுமை கிலோ 28.88 ரூபாய். வழக்கமான கழிவின் செலவை நல்ல சரக்கே சுமக்க வேண்டும் என்பது இங்கே விதி.

ஆனால் அந்த மாதம் 95,000 கிலோதான் வந்தது என்றால்? கூடுதலாகப் போன 3,000 கிலோவை அதே 28.88 வீதம் விலை போட்டு, சுமார் 86,600 ரூபாயை மாவின் அடக்கத்தில் சேர்க்காமல் தனியே நஷ்டக் கணக்கில் எழுத வேண்டும். அந்தக் கழிவை விற்ற 30,000 போக 56,600 ரூபாய் கண்ணெதிரே நிற்கும். அப்போதுதான் சரக்கு மோசமா, சல்லடை கிழிந்ததா, எடை மேடை பொய் சொல்கிறதா என்று யாராவது கேட்பார்கள். எல்லாவற்றையும் மாவின் மேல் ஏற்றிவிட்டால் கிலோவுக்குச் சில்லறை கூடியதுபோல் தெரியும், கோதுமை விலை ஏறிவிட்டது என்று சமாதானமும் கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கை ஏமாற்றுவது தண்ணீர். உமி கெட்டியாகவும் உள்பருப்பு இளகியும் பிரிய வேண்டும் என்பதற்காகக் கோதுமையின் ஈரப்பதத்தை 11 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்குப் பக்கமாக ஏற்றி, பல மணி நேரம் தொட்டியில் வைப்பார்கள். 98,000 கிலோ அப்போதே 1,02,000 கிலோவைத் தாண்டிவிடும். அரைக்கும் சூட்டில் கொஞ்சம் ஆவியாகப் போகும், மீதி மாவில் தங்கும். அதனால் வெறும் எடையை மட்டும் பார்த்தால், நடுவில் இரண்டு டன் சரக்கு காணாமல் போயிருந்தாலும் தண்ணீர் அதை மூடிமறைத்துவிடும். கவனமான மில்லில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஈரமானியில் பார்த்து, ஈரம் நீக்கிய எடைக்குக் கணக்குப் போடுவார்கள். மைதாவில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று உணவுத் தரச் சட்டமும் சொல்கிறது. தண்ணீரை விற்று லாபம் பார்க்க ஓர் எல்லை உண்டு.

அடுத்தது பங்கு பிரிப்பது. அரைத்து முடித்தால் மைதா, ரவை, ஆட்டா, தவிடு நான்கும் சேர்ந்தே வரும். மைதா மட்டும் போதும் என்று கோதுமையிடம் சொல்ல முடியாது. அரைக்கும் செலவு 1,50,000 சேர்த்து மொத்தம் 29,80,000 என்று வையுங்கள். 24,000 கிலோ தவிடு 22 ரூபாய்க்கு மாட்டுத் தீவனமாகப் போனால் 5,28,000. அதைச் செலவில் கழித்துவிடுவார்கள். மீதி 24,52,000 ரூபாயை 74,000 கிலோ மைதா, ரவை, ஆட்டா சுமக்க வேண்டும். எடைப்படி பிரித்தால் எல்லாம் கிலோ 33.14. ஆட்டா 33 ரூபாய்க்கு விற்கும் மாதத்தில் அது நஷ்டம்போலத் தெரியும். விற்பனை மதிப்பின் விகிதத்தில் பிரித்தால் அந்த நஷ்டம் மறைந்துவிடும். பெட்டியில் இருக்கும் பணம் இரண்டு விதத்திலும் ஒன்றுதான். ஆகவே இந்தப் பங்கீட்டை வைத்துக் கையிருப்புக்கு மதிப்புப் போடலாம். ஆட்டாவை நிறுத்தலாமா என்று முடிவெடுக்கக்கூடாது. அதற்கு, ஆட்டாவாக எடுக்கும் மாவை வேறு எதற்குத் திருப்பினால் என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.

அச்சகம் என்றாலே ஜாப், மில் என்றாலே பிராசஸ் என்று பலகை மாட்டிவிடவும் வேண்டாம். தினசரிக் காலண்டரின் தேதித் தாள்கள் லட்சக்கணக்கில் ஒரே மாதிரி ஓடுகின்றன. அங்கே தாளுக்கு இவ்வளவு என்ற மில் கணக்கே சரி. அதே காலண்டரின் அட்டையில் மளிகைக்கடையின் பெயரைப் பதிக்கும்போது கணக்கு ஜாப் கார்டுக்கு மாற வேண்டும். மில்லிலும் மூட்டை பிடிக்கும் கட்டம்வரை கிலோ கணக்கு போதும்; ஒரு பிஸ்கட் கம்பெனி தன் பையில், தன் அளவில், தனிப் பரிசோதனைச் சான்றோடு கேட்டால் அந்தக் கூடுதல் செலவை அந்த ஆர்டரின் பெயரில்தான் எழுத வேண்டும். தெருமுனை மாவு மில்லில்கூட கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர், அரைக் கிலோ மிளகாய்த்தூளுக்கு வந்தால் ‘குறைந்தது இவ்வளவு ஆகும்மா’ என்கிறார். மெஷினைத் துடைத்து மறுபடி தயார் செய்யும் செலவு கிலோவைப் பார்த்து வருவதில்லை என்று அவருக்குத் தெரியும்.