போஸ்டருக்கு ஒரு கணக்கு, மைதாவுக்கு ஒரு கணக்கு

"ஆயிரம் போஸ்டர் அடிக்க என்ன ஆகும்?" என்று அச்சகத்துக்கு வரும் பார்ட்டி கேட்கிறார். "மைதா மூட்டை இன்னைக்கு என்ன ரேட்?" என்று மாவு மில்லுக்கு ஒரு வியாபாரி போன் போட்டுக் கேட்கிறார். எந்த விலை சொன்னால் கட்டுப்படியாகும் என்பது அடக்கம் தெரிந்தவருக்குத்தான் தெரியும். அந்த அடக்கத்தைக் கண்டுபிடிக்கும் வழி இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. அச்சகத்துக்குப் பொருந்துவது ஜாப் காஸ்டிங், அதாவது வேலைவாரிக் கணக்கு. மாவு மில்லுக்குப் பொருந்துவது பிராசஸ் காஸ்டிங், அதாவது செயல்முறைவாரிக் கணக்கு. மாற்றிப் போட்டால் தொழில் ஓடுவதுபோலத் தெரியும், கையில் காசு நிற்காது.

எது எந்த இடத்துக்கு என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். செலவான பொருளைக் காட்டி, "இது இன்னாருடைய ஆர்டருக்குப் போனது" என்று சொல்ல முடிகிறதா? அச்சகத்தில் முடியும். குடோனிலிருந்து எடுத்த பேப்பர், போட்ட பிளேட், மெஷின் ஓடிய நேரம் எல்லாமே ஒரு பார்ட்டியின் பெயரில் நிற்கும். மில்லில் முடியாது. திங்கட்கிழமை வந்த லாரி கோதுமையும் புதன்கிழமை வந்ததும் ஒரே தொட்டியில் விழுந்து கலந்துவிடுகின்றன. இந்த மைதா மூட்டை எந்த லாரியிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அங்கே ஆர்டரைத் தேடாமல், ஒரு மாதத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு செலவு, எத்தனை கிலோ வெளியே வந்தது என்று பார்த்துச் சராசரி எடுக்கிறார்கள்.

சிவகாசியில் உள்ளதுபோன்ற ஓர் ஆஃப்செட் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் வந்ததும் ஒரு ஜாப் கார்டு போடப்படும். பார்ட்டி பெயர், பேப்பரின் அளவும் ஜி.எஸ்.எம்.மும், கொடுத்த ஷீட் எண்ணிக்கை, பிளேட் எத்தனை, மெஷின் எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது, வேஸ்டேஜ் எவ்வளவு என்று எல்லாம் அந்த அட்டையில் ஏறும். வேலை முடிந்து அட்டையைக் கூட்டினால் அந்த வேலையின் அடக்கம் வந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது மேக்ரெடி. நாலு கலர் வேலை என்றால் நாலு பிளேட்டை மாட்டி, மை விட்டு, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை ஷீட்டுகளை ஓட்டிப் பார்ப்பார் ஆபரேட்டர். நூறு, நூற்றைம்பது ஷீட் கழிவுக்குப் போகும். அடிக்கப்போவது ஆயிரமா இருபதாயிரமா என்பதற்கும் இந்தச் செலவுக்கும் சம்பந்தமே இல்லை.

கணக்குக்கு வசதியான தொகைகளை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஷீட்டில் ஒரு போஸ்டர். பேப்பர் ஷீட்டுக்கு 4 ரூபாய், பிளேட் 300 ரூபாய், மெஷின் மணிக்கு 1,500 ரூபாய், மேக்ரெடிக்கு ஒரு மணி நேரமும் 150 ஷீட்டும். மெஷின் மணிக்கு 6,000 ஷீட் ஓடும்.

முதல் பார்ட்டிக்கு 1,000 போஸ்டர். கழிவோடு சேர்த்து 1,150 ஷீட்டுக்கு 4,600 ரூபாய். பிளேட் 1,200. மேக்ரெடி ஒரு மணி நேரம், ஓட்டம் பத்தே நிமிடம், அதற்கு 1,750. மைக்கு 200. மொத்தம் 7,750. ஒரு போஸ்டரின் அடக்கம் 7 ரூபாய் 75 காசு.

இரண்டாவது பார்ட்டிக்கு 20,000 போஸ்டர். ஓட்டத்தில் போகும் கழிவு 350 ஷீட்டையும் சேர்த்தால் 20,500 ஷீட்டுக்கு 82,000 ரூபாய். பிளேட் அதே 1,200. மெஷின் நாலு மணி இருபது நிமிடத்துக்கு 6,500. மை 4,000. மொத்தம் 93,700. ஒரு போஸ்டர் 4 ரூபாய் 69 காசுதான்.

இதே அச்சகம் மில்போல மாதச் செலவை மொத்தமாகக் கூட்டிப் போஸ்டர் எண்ணிக்கையால் வகுத்தால் என்ன ஆகும்? 1,01,450 ரூபாயை 21,000 போஸ்டருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 4 ரூபாய் 83 காசு. அதன்மேல் கொஞ்சம் லாபம் வைத்து எல்லோருக்கும் ஐந்தரை ரூபாய் என்று விலை சொல்கிறார் முதலாளி. ஆயிரம் கேட்டவர் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார், அவர் வேலையில் அச்சகத்துக்கு 2,250 ரூபாய் நஷ்டம். இருபதாயிரம் கேட்டவரிடம் பக்கத்து அச்சகக்காரர் 5 ரூபாய் 20 காசு சொல்கிறார். அவருக்கு அந்த விலையிலும் பத்தாயிரத்துக்கு மேல் லாபம் நிற்கும். பெரிய பார்ட்டி அங்கே போய்விடுவார். நஷ்டம் தரும் சின்ன ஆர்டர்கள் மட்டும் நம்மிடம் வரிசையில் நிற்கும். மெஷின் நாள் முழுக்க வேலையில் இருந்தும் மாதக் கடைசியில் சம்பளம் போடத் திணறும் அச்சகம் என்றால், முதலில் பார்க்க வேண்டியது சின்ன ஆர்டர்களின் ஜாப் கார்டை.

அந்த 1,500 ரூபாய் மணிக்கட்டணமும் கவனமாகப் போட வேண்டியது. ஆபரேட்டர் சம்பளம், கரண்ட் பில், வாடகை, மெஷின் தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 2,40,000 என்று வைப்போம். ஷிப்டுப்படி மாதம் 200 மணி நேரம் இருக்கிறது. ஆனால் ரோலர் கழுவுவது, ரிப்பேர், வேலை இல்லாத பொழுது என்று கழித்தால் வழக்கமாக பார்ட்டி வேலைக்குக் கிடைப்பது 160 மணி. 200-ஆல் வகுத்து 1,200 என்று கட்டணம் போட்டவருக்கு மாதம் 48,000 ரூபாய் எந்த ஜாப் கார்டிலும் ஏறாமல் வெளியே நிற்கும். எல்லா வேலையும் லாபம் என்று அட்டைகள் சொல்லும், பேங்க் கணக்கு வேறு கதை சொல்லும்.

அச்சகத்தில் தேதியைத் தப்பாகப் போட்டு மறுபடி அடிக்க நேர்ந்தால் அந்தச் செலவு யார் தலையில்? பார்ட்டி புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு மாற்றம் சொன்னால், அது அவருடைய வேலையின் செலவு. நம் ஆள் தப்பென்றால் அதை அந்த வேலையின் அடக்கத்தில் ஏற்றக் கூடாது, தனியாக நஷ்டக் கணக்கில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை அதே வேலைக்கு விலை சொல்லும்போது பழைய தவறும் விலைக்குள் உட்கார்ந்திருக்கும்.

இனி மில். தெருமுனை மில்லில் நாம் கொண்டுபோகும் கோதுமையை அரைத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். தானியம் அவர்களுடையதல்ல என்பதால் அங்கே கரண்டையும் ஆள் கூலியையும் தேய்மானத்தையும் கூட்டி, அரைத்த கிலோவால் வகுத்தால் முடிந்தது. நாம் பார்க்கப்போவது கோதுமையைச் சொந்தமாக வாங்கி மைதா, ரவை, தவிடு என்று பிரித்து விற்கும் ரோலர் மில்லை.

முதல் கட்டம் சுத்தம் செய்வது. கல், தூசி, உமி, சொத்தை மணி எல்லாம் இங்கே போகும். ஒரு மாதம் 1,00,000 கிலோ கோதுமை, கிலோ 28 ரூபாய்க்கு வாங்கியது, உள்ளே போகிறது. இந்தக் கட்டத்தின் செலவு 1,60,000. வழக்கமாக நூற்றுக்கு 2 கிலோ கழிவு போகும், அதைத் தீவனத்துக்கு விற்றால் 20,000 வரும் என்று வைப்போம். நிகரச் செலவு 29,40,000. இதை 1,00,000-ஆல் வகுக்கக் கூடாது, 98,000-ஆல் வகுக்க வேண்டும். கிலோ 30 ரூபாய். தவிர்க்க முடியாத கழிவின் செலவை நல்ல கோதுமை தாங்கிக்கொள்கிறது.

ஆனால் எடை போட்டால் 98,000 இல்லை, 97,500 கிலோதான் இருக்கிறது. குறைகிற 500 கிலோவை மற்ற கோதுமையின் விலையில் கரைத்துவிடக் கூடாது. அதே 30 ரூபாய் வீதத்தில் 15,000 ரூபாயை அசாதாரண இழப்பு என்று தனியே எழுதுகிறார்கள். சல்லடை கிழிந்திருக்கிறதா, குழாயில் ஓட்டையா, எடைமேடை தவறா, மூட்டை வெளியே போகிறதா என்று தேட வைப்பது அந்தத் தனி வரிதான்.

அடுத்து கோதுமைக்குத் தண்ணீர் தெளித்துச் சில மணி நேரம் ஊற வைப்பார்கள். மேல்தோல் இளகி, தவிடு தூளாகாமல் தகடாகக் கழன்று வர இது வேண்டும். இதில் எடை ஏறும், அரைக்கும்போது ஈரம் ஆவியாகி எடை இறங்கும். அதனால் ஈரப்பதம் அளக்காமல் மில்லில் கழிவுக் கணக்குப் பார்த்தால் ஒரு மாதம் லாபமாகவும் ஒரு மாதம் நஷ்டமாகவும் பொய்யாகத் தெரியும். நம் கணக்கில் ஏறியதும் இறங்கியதும் சரியாகப் போயிற்று என்று கொள்வோம்.

அரைப்புச் செலவு 2,92,500. முந்தைய கட்டத்திலிருந்து வந்த 29,25,000-த்தோடு சேர்த்து 32,17,500. வெளியே வந்தது மைதா 60,000 கிலோ, ரவை 14,000 கிலோ, தவிடு 23,500 கிலோ. மொத்த எடையால் வகுத்தால் கிலோ 33 ரூபாய். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தவிடு 22 ரூபாய்க்குத்தான் விற்கிறது, 33 ரூபாய் அடக்கம் அதற்கு எப்படி வரும்? தவிடு துணைப்பொருள். அதை விற்று வரும் 5,17,000 ரூபாயை மொத்தச் செலவில் கழித்துவிட்டு, மீதி 27,00,500-ஐ மைதாவும் ரவையும் சேர்ந்த 74,000 கிலோவுக்குப் பங்கிட வேண்டும். கிலோ சுமார் 36 ரூபாய் 50 காசு வருகிறது.

மைதா 38-க்கும் ரவை 40-க்கும் விற்றால், விற்பனை மதிப்பின் விகிதத்தில் இந்தச் செலவைப் பிரிப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் மைதா சுமார் 36 ரூபாய் 13 காசு, ரவை 38 ரூபாய் 4 காசு. முதலில் வந்த 33-ஐ நம்பியவர், "மைதாவில் 5 ரூபாய் நிற்கிறது" என்று நினைத்து 36-க்கு விலை இறக்குவார். அவருக்கு மூட்டை மூட்டையாக நஷ்டம். தவிட்டு விலை விழுந்தாலும் மைதாவின் அடக்கம் ஏறும் என்பதும் இதிலிருந்து தெரியும்.

இந்தப் பிரிப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. ரவையில் லாபம் குறைவாகத் தெரிகிறது என்று அதன் செலவுப் பங்கைக் காட்டி ரவையை நிறுத்திவிட முடியாது. ஒரே கோதுமையிலிருந்து சேர்ந்தே வருகிற பொருள்கள் இவை. ரவையை மேலும் அரைத்து மைதாவாக்கலாமா என்று கேட்டால், அதற்கு ஆகும் கூடுதல் செலவையும் விலை வித்தியாசத்தையும் மட்டும் பார்த்தால் போதும்.

மாதக் கடைசியில் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் கோதுமையையும் எண்ண வேண்டும். 10,000 கிலோ பாதி வேலை முடிந்து கிடந்தால், கோதுமைச் செலவுக்கு அது முழு 10,000 கிலோ, கூலிக்கும் கரண்டுக்கும் 5,000 கிலோவாக மட்டும் கணக்கில் வரும்.

இரண்டு முறையும் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்து நடக்கும் தொழிலும் உண்டு. தினசரி காலண்டரில் தேதியும் நல்ல நேரமும் அச்சிட்ட தாள்கட்டு எல்லாக் கடைக்கும் ஒன்றுதான், லட்சக்கணக்கில் ஓடும். அதற்கு மில்போலச் சராசரி எடுக்கலாம். தாள்கட்டை ஒட்டும் அட்டையில் கடைப் பெயர் அடிப்பது ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனி வேலை, தனி ஜாப் கார்டு. ஒற்றைக் கலர் பெயருக்கு 300 ரூபாய் பிளேட் என்றால், ஆயிரம் காலண்டர் கேட்பவருக்கு அது ஒன்றுக்கு 30 காசு, நூறு கேட்பவருக்கு 3 ரூபாய். நூறு காலண்டருக்கு விலை அதிகம் சொல்லும் அச்சகக்காரர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்.