இரண்டு எல்லைக்கும் ஒரே விளக்கு

பேட்டரியின் மின்னழுத்தம் கீழே போனாலும் கெடுதி, மேலே போனாலும் கெடுதி. இந்த இரண்டையும் ஒரே விளக்கில் காட்டும் சுற்றுக்கு விண்டோ கம்பேரட்டர் என்று பெயர். மேல் எல்லை ஒன்று, கீழ் எல்லை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நலம், வெளியே போனால் எச்சரிக்கை.

வீட்டு இன்வெர்ட்டரிலும் சூரிய விளக்கிலும் இருக்கும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். முழுதாகச் சார்ஜ் ஏறி, சுமை ஏதும் இல்லாமல் ஓய்வில் இருக்கும்போது அது சுமார் 12.7 வோல்ட் காட்டும். சுமையோடு 11.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டு, அப்படியே போட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்படும். அதன்பின் பழைய கொள்ளளவு திரும்பாது. மறுபுறம், 14.8 வோல்ட்டைத் தாண்டிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே போனால் உள்ளிருக்கும் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும், தகடுகள் அரித்துப்போகும். ஆகவே காவல் காக்க வேண்டிய எல்லைகள் 11.6, 14.8.

கம்பேரட்டர் செய்யும் வேலை மிகச் சிறியது. அதற்கு இரண்டு உள்ளீட்டு முனைகள்: ஒன்று கூட்டல் முனை, மற்றது கழித்தல் முனை. எதில் மின்னழுத்தம் அதிகம் என்பதை மட்டும் அது சொல்லும். எவ்வளவு அதிகம் என்று சொல்லாது. ஒரு கம்பேரட்டரால் ஓர் எல்லையை மட்டுமே பார்க்க முடியும் என்பதால் இங்கே இரண்டு தேவை. எல்எம்393 என்ற எட்டுக் கால் ஐசியில் அந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன. 2 வோல்ட் முதல் 36 வோல்ட் வரை எதிலும் அது இயங்கும் என்பதால், கண்காணிக்கப்படும் பேட்டரியிலிருந்தே அதற்கும் மின்சாரம் கொடுத்துவிடலாம்.

ஒப்பிடுவதற்கு மாறாத ஒரு மின்னழுத்தம் வேண்டும். பேட்டரி ஏறி இறங்கும்போது அளவுகோலும் சேர்ந்து ஏறி இறங்கினால் ஒப்பிட்டுப் பயனில்லை. அதற்கு டிஎல்431 என்ற மூன்று கால் பாகம் போதும். அதன் ரெஃபரன்ஸ் காலை கேத்தோடு காலோடு இணைத்து, பேட்டரியிலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் கொடுத்தால், அது 2.495 வோல்ட்டில் நிலையாக நிற்கும். அப்படி நிற்க அதற்கு 1 மில்லி ஆம்பியராவது தேவை. 4.7 கிலோ ஓம் வழியாக 11.6 வோல்ட்டில் ஏறத்தாழ 1.9 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. பேட்டரி 8 வோல்ட்டுக்கு விழுந்தாலும் குறைவில்லை.

இனி பேட்டரி மின்னழுத்தத்தை 2.495 அளவுக்குக் குறைத்துக் காட்ட வேண்டும். மூன்று ரெசிஸ்டர்களை வரிசையாகக் கோத்து பேட்டரிக்குக் குறுக்கே போடுவதுதான் பாடநூல் வழி: மேலே 56 கிலோ ஓம், நடுவில் 3.3, கீழே 12. மொத்தம் 71.3 கிலோ ஓம். கீழ்ச் சந்தியில் பேட்டரியின் 12/71.3 பங்கும், மேல் சந்தியில் 15.3/71.3 பங்கும் தெரியும். அந்தச் சந்திகள் ஒவ்வொன்றும் 2.495-ஐ எப்போது தொடும் என்று கணக்கிட்டால் எல்லைகள் கிடைத்துவிடும்:

2.495 × 71.3 ÷ 12 = 14.82 வோல்ட்
2.495 × 71.3 ÷ 15.3 = 11.63 வோல்ட்

மூன்றும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மதிப்புகள். முதல் கம்பேரட்டரின் கூட்டல் முனையில் 2.495 வோல்ட்டையும் கழித்தல் முனையில் கீழ்ச் சந்தியையும் இணைக்க வேண்டும். இரண்டாவதில் இது தலைகீழ்: கூட்டல் முனையில் மேல் சந்தி, கழித்தல் முனையில் 2.495. இப்படி இணைத்தால் பேட்டரி 14.8-ஐத் தாண்டும்போது முதலாவதின் வெளியீடு தரைக்கு இறங்கும், 11.6-க்குக் கீழே போகும்போது இரண்டாவதின் வெளியீடு இறங்கும். நடுவில் இரண்டும் சும்மா இருக்கும்.

'சும்மா இருக்கும்' என்பதில்தான் ஒரே விளக்கின் ரகசியம் இருக்கிறது. எல்எம்393-இன் வெளியீடு ஓப்பன் கலெக்டர் வகை. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரால் வெளியீட்டைத் தரைக்கு இழுக்க மட்டுமே முடியும். மேலே தள்ள முடியாது. இழுக்காத நேரத்தில் அது கையை விட்டுவிடுகிறது. அதனால் இரண்டு வெளியீடுகளையும் ஒரே கம்பியில் சேர்த்து முடிந்துவிடலாம். யார் இழுத்தாலும் கம்பி கீழே வரும். இருவரும் விட்டால்தான், பேட்டரியோடு இணைத்த ஒரு ரெசிஸ்டர் அதை மேலே தூக்கும். தனியாக லாஜிக் ஐசி எதுவும் வேண்டாம். எல்எம்358 போன்ற ஆப்-ஆம்ப்பை கம்பேரட்டராக வைத்து இதையே செய்தால் நிலைமை வேறு. அதன் வெளியீடு தள்ளவும் செய்யும். ஒன்று தள்ள மற்றொன்று இழுக்க, இரண்டும் மோதிக்கொண்டு சூடாகும். கம்பியில் அரைகுறை மின்னழுத்தம் நிற்கும். அங்கே ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு டயோடு போட்டே சேர்க்க வேண்டும்.

அந்த ஒரே கம்பியில் விளக்கை எப்படி மாட்டுவது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. பேட்டரிக்கும் கம்பிக்கும் நடுவே சிவப்பு எல்இடி போட்டால், கோளாறு வரும்போது எரியும். பலரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் எரியாத சிவப்பு விளக்குக்கு இரண்டு பொருள் உண்டு: பேட்டரி நலமாக இருக்கலாம், அல்லது கம்பி அறுந்து, ஃபியூஸ் போய், சுற்றே செத்துக் கிடக்கலாம். காவலுக்கு வைத்த கருவியில் இந்தக் குழப்பம் கூடாது. எனவே கம்பிக்கும் தரைக்கும் நடுவே பச்சை எல்இடி, கம்பியை மேலே தூக்க 2.7 கிலோ ஓம் என்று அமைப்பதே சரி. நலமாக இருக்கும்போது சுமார் 4 மில்லி ஆம்பியரில் எல்இடி எரியும். எந்தப் பக்கம் எல்லை மீறினாலும் கம்பேரட்டர் அந்த மின்னோட்டத்தைத் தன்வழியே தரைக்கு இழுத்துக்கொள்ளும், விளக்கு அணையும். 15 வோல்ட்டிலும் அது இழுக்க வேண்டியது 5.5 மில்லி ஆம்பியர்தான்; எல்எம்393 உறுதியாகத் தாங்கும் 6 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும். சுற்று செத்தாலும் விளக்கு அணையும். அணைந்த விளக்கு எந்தக் கோளாறு என்று சொல்லாது. அதற்கு மல்டிமீட்டரைத்தான் எடுக்க வேண்டும்.

இதுவரை தாளில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உண்மையான பேட்டரியில் மாட்டினால் முதல் தொல்லை எல்லைக்கோட்டில் வரும். பேட்டரி மெல்ல இறங்கி 11.63-ஐத் தொடும்போது, ஃபேன் மோட்டாரோ இன்வெர்ட்டரோ கிளப்பும் சிற்றலைகள் அந்தக் கோட்டின் மேலும் கீழும் ஆடும். விளக்கு படபடவென்று துடிக்கும். விளக்குக்குப் பதில் ரிலே இருந்தால் கடகடவென்று அடித்துக்கொண்டு அதன் தொடுமுனைகள் கருகும். இதற்கு மருந்து ஹிஸ்டெரிசிஸ்: அணையும் அளவையும் மீண்டும் எரியும் அளவையும் சற்றுப் பிரித்து வைப்பது. வெளியீட்டிலிருந்து 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்தந்தக் கம்பேரட்டரின் கூட்டல் முனைக்குக் கொடுப்பது வழக்கமான முறை. முதல் கம்பேரட்டரில், டிஎல்431-க்கும் கூட்டல் முனைக்கும் நடுவே 10 கிலோ ஓமும் வேண்டும். இல்லாவிட்டால் அந்த 1 மெகா ஓமால் நிலையான 2.495-ஐ அசைக்க முடியாது.

ஆனால் மேலே சொன்ன மூன்று ரெசிஸ்டர் ஏணியில் இந்த மருந்து வேலை செய்யாது. பலர் சிக்கித் திணறும் இடம் இது. பேட்டரி 14.8-ஐத் தாண்டி வெளியீடு கீழே இறங்கியதும், முதல் கம்பேரட்டரின் கூட்டல் முனை சுமார் 18 மில்லிவோல்ட் இறங்கும். அதுதான் நாம் விரும்புவது. அதே நேரத்தில் இரண்டாவதற்குப் போட்ட 1 மெகா ஓம், ஏணியின் மேல் சந்தியையும் கீழே இழுக்கிறது. ஏணி பொது என்பதால் கீழ்ச் சந்தியும் ஏறத்தாழ 17 மில்லிவோல்ட் இறங்கிவிடுகிறது. அது முதல் கம்பேரட்டரின் கழித்தல் முனை. இரண்டு முனைகளும் சேர்ந்தே இறங்கினால் வித்தியாசம் மாறாது, ஹிஸ்டெரிசிஸ் கரைந்துபோகும். அறிகுறி தெளிவானது: கீழ் எல்லையில் விளக்கு நிதானமாக மாறும், மேல் எல்லையில் மட்டும் துடிக்கும்.

தீர்வு, ஏணியைப் பிரிப்பது. முதல் கம்பேரட்டருக்கு மேலே 56-உம் 3.3-உம் சேர்ந்து 59.3 கிலோ ஓம், கீழே 12. இரண்டாவதற்கு மேலே 56, கீழே 12-உம் 3.3-உம் சேர்ந்து 15.3. எல்லைகள் மாறவில்லை, மூன்று ரெசிஸ்டர்கள் கூடுதல், அவ்வளவே. பச்சை எல்இடி எரியும்போது கம்பியில் சுமார் 2 வோல்ட், அணைந்தால் சுமார் 0.2 வோல்ட் என்று கொண்டால், மேல் பக்கம் விளக்கு 14.79-இல் அணைந்து 14.69-இல் மீண்டும் எரியும். கீழ்ப் பக்கம் 11.65-இல் அணைந்து 11.75-இல் எரியும். இரு பக்கமும் 0.1 வோல்ட் இடைவெளி. சிற்றலை இதைவிடப் பெரிதாக இருந்தால் 1 மெகா ஓமைக் குறைத்து இடைவெளியைக் கூட்டலாம்.

துல்லியத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. எல்எம்393 இரண்டு முனைகளையும் ஒப்பிடுவதில் 5 மில்லிவோல்ட் வரை பிழை செய்யலாம். பேட்டரிப் பக்கம் அது 0.03 வோல்ட்தான், பொறுத்துக்கொள்ளலாம். பெரிய பிழை ரெசிஸ்டரிலிருந்து வருகிறது. 1 சதவீத வகையை வாங்கினாலும், எல்லாம் கெட்ட பக்கமாகவே அமைந்தால் மேல் எல்லை கால் வோல்ட் வரை நகரும். 5 சதவீத வகை என்றால் ஒரு வோல்ட்டுக்கு மேலேயே நகரக்கூடும். அதற்குப் பிறகு காவல் என்று சொல்வதில் பொருளில்லை. டிஎல்431-லும் 0.5 சதவீதம், 1 சதவீதம், 2 சதவீதம் என்று தரங்கள் உண்டு. முதல் தரத்தையே கேட்டு வாங்குவது நல்லது.

சுற்றை முடித்ததும், மாற்றக்கூடிய பவர் சப்ளையை 10 வோல்ட்டிலிருந்து 16 வோல்ட் வரை மெல்ல ஏற்றிப் பார்த்தால் தவறுகள் தாமாகவே வெளிப்படும். விளக்கு எந்த அளவிலும் எரியாவிட்டால், பெரும்பாலும் இரண்டு கம்பேரட்டர்களின் முனைகளும் மாறியிருக்கும். அப்போது எந்நேரமும் ஏதோ ஒன்று கம்பியைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். 14.8-க்கு மேல் மட்டும் எரிந்தால் முதலாவதின் முனைகள் மாறியிருக்கின்றன. 11.6-க்குக் கீழே மட்டும் எரிந்தால் இரண்டாவது.

மேசையில் சரியாக வந்த சுற்று, வீட்டில் தவறாகக் காட்டுவதற்கு முக்கியக் காரணம் கம்பி. இன்வெர்ட்டருக்குப் போகும் கம்பியின் மின்தடை 0.02 ஓம் என்றாலும், 20 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் அதிலேயே விழுந்துவிடும். அந்தக் கம்பியின் மறுமுனையில் இந்தச் சுற்றை இணைத்தால் 12 வோல்ட்டில் இருக்கும் நல்ல பேட்டரியையும் அது குறைவு என்று சொல்லும். ஆகவே இந்தச் சுற்றுக்கென்று இரண்டு மெல்லிய கம்பிகளைத் தனியாக, ஃபியூஸுடன், பேட்டரியின் முனைகளிலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளுங்கள்.