பாஸ்தாப் பாலமும் பார்க்காத ஒட்டும்

பாஸ்தா என்றால் தட்டில் வைத்து உண்ணும் பண்டம் என்றே நம்மில் பலரும் அறிவோம். அதனைக் கொண்டு பாலம் கட்டி, அப்பாலத்தில் எடையைத் தொங்கவிட்டு, எப்போது முறிகிறது என்று பார்க்கும் போட்டிகளும் உண்டு. கனடா நாட்டின் கெலோனா நகரிலுள்ள ஒகனகன் கல்லூரி 1983 ஆம் ஆண்டு அத்தகைய போட்டி ஒன்றைத் தொடங்கியது. 2009 ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டு மாணவர் இருவர் அங்குக் கொண்டுவந்த பாலம், தான் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுடையதாய் இருந்து, 443 கிலோவைத் தாங்கியது! இதைக் கேள்விப்பட்டதும் எங்கள் வகுப்பில் இருவருக்கு ஆசை பிறந்துவிட்டது. அவர்கள் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம். பெயரைப் போடக் கூடாது என்று இருவரும் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டதால், வகுப்பில் நாங்கள் அழைக்கும்படியே நெட்டையம்மாள், குட்டையம்மாள் என்று குறிப்பிடுகிறோம்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை இதுதான். இரண்டு மேசைகளுக்கு நடுவே 44 சென்டிமீட்டர் இடைவெளி. அதன் குறுக்கே ஒரு ஸ்பகெட்டிப் பாலம். நடுவில் 10 கிலோ தொங்க வேண்டும். ஸ்பகெட்டி என்பது நம் சேமியாவைப் போன்றதே. ஆனால் தடிப்பு அதிகம், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். இந்த நீளத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அது வந்து நிற்கும்.

குட்டையம்மாள் எதையும் சோதிக்காமல் நம்பாதவள். முதலில் ஓர் இழையைச் சமையலறைத் தராசின்மேல் செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து விரலால் மெல்ல அழுத்தினாள். முள் 30 கிராமைத் தொட்டதும் இழை வில்லாய் வளைந்தது. அதையே பாதியாய் உடைத்து அழுத்தியபோது 120 கிராம் வரை நிமிர்ந்து நின்றது. நீளம் பாதியானால் தாங்கும் திறன் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகிறது. ஆய்லர் என்னும் கணித மேதை இதனை 1744 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார் என்று சிஸ்டர் சொன்னார். ஆகவே அமுக்கப்படும் கோல்கள் குட்டையாய் இருக்க வேண்டும். இதைக் கேட்டுக் குட்டையம்மாளுக்கு ஒரே பெருமை!

அடுத்து இழுத்துப் பார்த்தார்கள். இழையில் நூலைக் கட்டினால் முடிச்சு இருக்கும் இடத்திலேயே ஒடிந்துவிடுகிறது. எனவே இரு முனைகளையும் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குத் துணிப்பட்டைக்குள் பசையிட்டுப் பொதித்து, ஒரு பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, மற்றொன்றில் தண்ணீர்ப் பாட்டில்களைத் தொங்கவிட்டார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ அல்லவா? அழுத்தினால் 30 கிராமுக்கே வளைந்த அந்த ஒற்றை இழை, இழுத்தபோது மூன்று பாட்டில்களைச் சுமந்து நின்றது. எங்களால் நம்பவே முடியவில்லை.

பாலத்தில் எந்தக் கோல் அமுக்கப்படுகிறது, எது இழுக்கப்படுகிறது என்பதை நெட்டையம்மாள் கரும்பலகையில் வரைந்து காட்டினாள். பாலம் தொய்ய முயலும்போது மேற்பக்கம் நெருங்குகிறது, அடிப்பக்கம் விரிகிறது. ஆகையால் மேலே அமுக்கவிசை, அடியில் இழுவிசை. எவ்வளவு என்பதற்கு நாம் படித்த திருப்புத்திறனே போதும். தொங்கும் எடையில் பாதியை ஒவ்வொரு மேசையும் மேல்நோக்கித் தாங்குகிறது. அந்தப் பாதி எடை பாலத்தின் நடுவிலிருந்து 22 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. பாலத்தின் உயரம் 11 சென்டிமீட்டர். பாதி எடையை 22 ஆல் பெருக்கியது, அடிச்சட்டத்தின் இழுவிசையை 11 ஆல் பெருக்கியதற்குச் சமம். எனவே 10 கிலோ தொங்கினால் அடிச்சட்டத்தின் நடுவில் 10 கிலோ இழுவிசை. பாலத்துக்கு இரு பக்கச் சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு இழைகள் சேர்த்துக் கட்டிய கோல்கள். ஆகப் பன்னிரண்டு இழைகள் அந்த 10 கிலோவைப் பகிர்ந்துகொள்கின்றன. இழை ஒன்றுக்கு ஒரு கிலோகூட இல்லை. மூன்று கிலோ தாங்கும் இழைக்கு இது ஒரு பொருட்டா?

வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். இழைகளை அளந்து அடுக்கிக் கோல்களாக்கியது நெட்டையம்மாள். கோல்கள் கூடும் மூலைகளைக் க்ளூ கன்னால் ஒட்டியது குட்டையம்மாள். எல்லா மூலைகளையும் அவள் ஒவ்வொன்றாய் ஆட்டிப் பார்த்துக் குறிப்பேட்டில் அடையாளமிட்டாள்.

கண்காட்சிக்கு நான்கு நாள் முன்பு ஒத்திகை. வாளியைத் தொங்கவிட்டுக் குவளையால் மணலைக் கொட்டினார்கள். ஐந்து கிலோவுக்குச் சத்தமே இல்லை. ஆறாவது கிலோவில் 'படீர்' என்று ஓர் ஓசை. வாளி தரையில், பாலம் துண்டு துண்டாய் நாற்புறமும்.

பிறகு நடந்ததுதான் எங்களுக்கு வருத்தமாக இருந்தது. "உன் பசைதான் விட்டது" என்றாள் ஒருத்தி. "உன் கணக்குதான் பிசகு" என்றாள் மற்றவள். இரண்டு நாள் பேச்சு இல்லை. மதிய உணவும் தனித்தனியே. ஆறு ஆண்டுகளாக ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள்!

சிஸ்டர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. துண்டுகளைக் கூட்டிப் பெருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி, எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு அவற்றை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பச் சொன்னார். துண்டுகள் ஏராளம். அவை அனைத்தும் முறிவுக்குக் காரணம் அல்ல. காய்ந்த ஸ்பகெட்டியை வளைத்தால் அது இரண்டாய் ஒடியாமல் மூன்றாகவோ நான்காகவோ ஒடியும். ஓரிடத்தில் ஒடிந்தவுடன் அந்த அதிர்வு இழையில் அலையாய் ஓடி, வேறிடத்தில் வளைவை இன்னும் கூட்டிவிடுகிறது. பிரான்சு நாட்டு இயற்பியலார் இருவர் 2005 ஆம் ஆண்டு இதனை விளக்கினார்கள். ஐயமுள்ளவர்கள் வீட்டில் ஓர் இழையை ஒடித்துப் பார்க்கலாம். அம்மா திட்டினால் நாங்கள் பொறுப்பல்ல.

எனவே துண்டுகளை எண்ணுவதில் பயனில்லை. முனைகளைப் பார்க்க வேண்டும். இழையே முறிந்திருந்தால் முனை கரடுமுரடாக, உள்ளே வெளிர்நிறமாகத் தெரியும். பசை விட்டிருந்தால் முனை வழவழப்பாக இருக்கும். அதை எதிர்கொண்ட பசையில் இழையின் வட்டமான தடம் பதிந்திருக்கும். ஒரு மணி நேரம் தேடினோம். மூலைகளில் ஒன்றுகூடப் பசை விடவில்லை. அடிச்சட்டத்தின் நடுத்துண்டு கிடைத்தபோதுதான் எல்லாரும் வாய் மூடினோம். அதில் ஆறு வட்டத் தடங்கள், தேன்கூட்டு அறைகள்போல் ஒழுங்காக!

இழையின் நீளம் 25 சென்டிமீட்டர். பாலமோ மேசைகளின்மேல் மூன்று மூன்று சென்டிமீட்டர் அமர்வதையும் சேர்த்து 50 சென்டிமீட்டர். ஆகவே ஒவ்வோர் அடிச்சட்டமும் இரண்டு கோல்கள் முனையோடு முனை ஒட்டியது. படத்தில் அது ஒரே கோடு. படத்தைப் பார்த்து மூலைகளைச் சோதித்தவளுக்கு அங்கே ஓர் ஒட்டு இருப்பதே தெரியாது. ஒட்டியவளுக்கோ, எல்லா ஒட்டுகளையும் தோழி சோதித்துவிட்டாள் என்ற எண்ணம். வாளி தொங்கும் நூலையும் அதன்மேலேயே சுற்றியிருந்ததால் கண்ணுக்கும் அது மறைந்து போயிற்று. இழுவிசை மிகுதியாய் இருக்கும் நட்டநடுவில், ஆறு இழைகளும் ஒரே இடத்தில் முடிந்திருந்தன.

முனையோடு முனை ஒட்டினால் பசை பிடிப்பது இழையின் வெட்டு முகத்தை மட்டுமே. அது இரண்டரைச் சதுர மில்லிமீட்டர்தான். இரண்டு இழைகளைப் பக்கத்தில் பக்கமாக நான்கு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, ஒரு மில்லிமீட்டர் அகலமே பசை பிடிக்கிறது என்றாலும், 40 சதுர மில்லிமீட்டர் ஆகிறது. பதினாறு மடங்கு! ஜன்னல் கம்பியில் சோதித்தபோது துணிக்குள் பொதிந்த முனைகள் மூன்று கிலோவைத் தாங்கியது இதனால்தான். அன்று பக்கவாட்டில் ஒட்டினார்கள். பாலத்தில் முனையில் ஒட்டிவிட்டார்கள். முறிந்த நேரத்தில் அந்த ஒட்டு ஒவ்வொன்றிலும் அரைக் கிலோதான் இருந்தது.

மறைந்திருக்கும் மூட்டு உண்மைப் பாலத்தில் என்ன செய்யும் என்பதையும் சிஸ்டர் சொன்னார். அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின்மேல் 1928 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'சில்வர் பிரிட்ஜ்' என்னும் தொங்குபாலம் இருந்தது. கம்பி வடங்களுக்குப் பதிலாக, சைக்கிள் சங்கிலியைப்போல் துளையுள்ள எஃகுப் பட்டைகளை ஆணியால் கோத்து அதனைத் தாங்கவைத்திருந்தார்கள். கண்ணிக்கு இரண்டே பட்டைகள். 1967 டிசம்பர் 15, கிறிஸ்து பிறப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, மாலையில் வாகனங்கள் நெரிசலாய் நின்ற வேளையில், பாலம் முழுவதும் ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தனர். ஒரு பட்டையின் துளையருகே ஏற்பட்ட இரண்டரை மில்லிமீட்டர் ஆழ விரிசலே காரணம். மூட்டைக் கழற்றினாலன்றி அதைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. அதன் பின்னரே அந்நாடு முழுவதற்குமான பாலச் சோதனை விதிகள் 1971 இல் வந்தன. சிஸ்டர் சொல்லி முடித்ததும் வகுப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை நெட்டையம்மாளும் குட்டையம்மாளும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். யார் முதலில் பேசினார்கள் என்று கேட்டோம், சொல்ல மறுத்துவிட்டார்கள்.

இரண்டாம் பாலத்துக்குத் தேங்காய் நார்க் கயிற்றைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். நார் ஒரு முழம்கூட இராது; கயிறோ பல முழம். எல்லா நாரும் ஒரே இடத்தில் முடிவதில்லை. ஒன்று முடியும் இடத்தில் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். அதைப்போலவே ஒட்டுகளை வெவ்வேறு இடங்களுக்கு மாற்றி, ஒவ்வோர் ஒட்டிலும் நான்கு சென்டிமீட்டர் ஏற்றி ஒட்டினார்கள். நடுவில், நூல் சுற்றும் இடத்தில், ஒட்டே இல்லை. கோலைப் பாலத்தில் சேர்க்கும் முன் ஒட்டிய இழை ஒன்றை மட்டும் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார்கள். மூன்று பாட்டில்களையும் தாண்டி அது முறிந்தபோது, முறிந்தது ஒட்டுக்கு வெளியே.

கண்காட்சியன்று பெற்றோர் சூழ்ந்து நிற்க, வாளியில் மணல் ஏறியது. 10 கிலோவில் கைதட்டல். இருந்தும் குட்டையம்மாள் நிறுத்தவில்லை. 12 கிலோவில் ஓரத்துச் சாய்கோல் ஒன்று பக்கவாட்டில் வில்லாய் வளைந்து ஒடிந்தது. பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமான, அமுக்கப்படும் கோல் அது. நெட்டையம்மாள் கீழே குனிந்து அந்தத் துண்டைத் தேடி எடுத்து, முனையைத் தோழியின் கண்முன் நீட்டினாள். கரடுமுரடாய் இருந்தது, பசை இல்லை.