கடைசி நாளில் மட்டும் ஆப்ஷன் விலை ஏன் இப்படித் துள்ளுகிறது?

நிஃப்டி 25,000-இல் நிற்கிறது. அதே 25,000 கால் ஆப்ஷனை நீங்கள் விற்றிருக்கிறீர்கள். குறியீடு 100 புள்ளி ஏறினால் என்ன ஆகும்?

காலாவதிக்கு ஒரு மாதம் இருந்தால், பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆண்டு ஏற்ற இறக்கம் 12 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், பிரீமியம் சுமார் 345 ரூபாயிலிருந்து 400-ஐத் தொடும்.

அதே ஏற்றம் கடைசி ஒரு மணி நேரத்தில் நடக்கட்டும். 30 ரூபாய் பிரீமியம் 100-ஐத் தாண்டிவிடும்!

ஏன்? சமநிலையில் இருக்கும் கிரிக்கெட் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்தாவது ஓவரில் ஒரு சிக்ஸர் அடித்தால் வெற்றி வாய்ப்பு கொஞ்சம்தான் நகரும். கடைசி ஓவரில் அதே சிக்ஸர் ஆட்டத்தையே புரட்டிவிடும். சரிக்கட்ட எதிரணிக்குப் பந்துகள் மிச்சமில்லை.

ஆப்ஷனிலும் அப்படித்தான். குறியீடு ஒரு புள்ளி நகர்ந்தால் பிரீமியம் எவ்வளவு நகரும் என்பது டெல்டா. மேலே சொன்ன 100 புள்ளி ஏற்றத்தில், மாதம் இருக்கும்போது அது 0.50-இலிருந்து 0.55 ஆகும்; கடைசி மணியில் 0.90 ஆகிவிடும். டெல்டா மாறும் இந்த வேகமே காமா.

ஃபியூச்சர் வாங்கி ஈடுகட்டலாமே என்பீர்கள். ஏறியபின் வாங்குவீர்கள், குறியீடு திரும்பினால் இறங்கியபின் விற்பீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் நஷ்டம். கையில் வாங்கிய 30 ரூபாய் அதற்குள் கரைந்துவிடும்.

இந்த ஆபத்து ஸ்ட்ரைக்கை ஒட்டித்தான். குறியீடு 500 புள்ளி தள்ளி நின்றால் காமா ஏறக்குறைய இல்லை. அருகில் நின்றால், 25,100 காலை வாங்கி வைப்பது நஷ்டத்துக்கு ஓர் எல்லை போடும்.