200 வந்தால் கதவு திறந்ததா?

வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் ஒரு சின்ன இணையதளம். பின்னிரவில் அதன் லாகின் பக்கத்தை யாரோ தட்டிப் பார்த்திருக்கிறார்கள். வந்துபோன ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் ஒரு வரியாக லாக் கோப்பில் எழுதிவிடும். உபுண்டுவில் அப்பாச்சி ஓடினால் அந்தக் கோப்பு `/var/log/apache2/access.log`. மாதிரிக்கு ஒரு வரி:

```
203.0.113.45 - - [12/Mar/2024:02:14:07 +0530] "POST /wp-login.php HTTP/1.1" 200 4512 "-" "Mozilla/5.0 (Windows NT 10.0; Win64; x64)"
```

முதலில் இருப்பது ஐபி முகவரி. ஒரு முகவரி என்றால் ஒரு ஆள் என்று கணக்குப் போடக் கூடாது. மொபைல் இணையத்தில் பலர் ஒரே முகவரியில் வருவதுண்டு. அடுத்துள்ள கோடுகளுக்கு 'தகவல் இல்லை' என்று பொருள். முதல் கோடு, இப்போது அநேகமாக யாரும் பயன்படுத்தாத பழைய அடையாள முறைக்கானது. இரண்டாவது பயனர் பெயருக்கு. ஆனால் சர்வரே பாஸ்வேர்டு கேட்டால்தான் அந்த இடம் நிரம்பும். வேர்ட்பிரஸ் லாகின் அங்கே பதிவாகாது.

பிறகு தேதி, நேரம். +0530 என்பது இந்திய நேரம். +0000 என்று இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிப் படிக்க வேண்டும்.

மேற்கோள் குறிக்குள் இருப்பதுதான் கோரிக்கை. GET என்றால் பக்கத்தைக் கேட்பது. POST என்றால் படிவத்தை நிரப்பி அனுப்புவது. அனுப்பிய பாஸ்வேர்டு லாகில் இருக்காது.

அடுத்த 200தான் பலரையும் பதறவைக்கிறது. 'எல்லாம் சரி' என்பதற்கான எண்ணாயிற்றே, அப்படியானால் உள்ளே நுழைந்துவிட்டார்களா? இல்லை. பாஸ்வேர்டு தவறினால் வேர்ட்பிரஸ் அதே படிவத்தைப் பிழைச் செய்தியோடு மறுபடி காட்டும். பக்கம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்பதால் சர்வர் 200 போடுகிறது. 4512 என்பது அப்படி அனுப்பிய பதிலின் பைட் அளவு.

கடைசி இரண்டும் துப்புகள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற இடத்தில் கோடு இருக்கிறது. பிரவுசரில் படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தால் வழக்கமாக அங்கே லாகின் பக்கத்தின் முகவரி இருக்கும். ஆகவே இது ஏதோ நிரலின் வேலையாக இருக்கலாம். விண்டோஸ் என்று சொல்லும் கடைசிப் பகுதியையும் அப்படியே நம்ப முடியாது. அது வந்தவர் தானாகச் சொல்லிக்கொள்வது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது இப்படி இரண்டு வரிகள் அடுத்தடுத்து வரும்போதுதான் (வால்பகுதி வெட்டப்பட்டுள்ளது):

```
203.0.113.45 ... "POST /wp-login.php HTTP/1.1" 302 ...
203.0.113.45 ... "GET /wp-admin/ HTTP/1.1" 200 ...
```

302 என்றால் 'வேறு பக்கத்துக்குப் போ'. பாஸ்வேர்டு சரியானதும் வேர்ட்பிரஸ் இப்படித்தான் அனுப்பிவைக்கும். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று விண்ணப்பித்தாலும் 302 வரும். லாகின் செய்யாதவரை `/wp-admin/` திருப்பி அனுப்பிவிடும். அங்கே 200 விழுந்திருந்தால் அவர் உள்ளே போயிருக்கிறார்.

அந்த நேரத்தில் தளத்தின் உரிமையாளரே லாகின் செய்தாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் பாஸ்வேர்டை மாற்றும் கையோடு லாகையும் தனியே நகலெடுத்து வைக்க வேண்டும். உபுண்டுவின் வழக்கமான அமைப்பில் பழைய லாக் இரண்டு வாரத்தில் அழிந்துவிடும்.