நடு நெஞ்சு, வேகமா அமுக்குங்க

பேருந்து நிலையத்து டீக்கடையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் திடீரென்று சரிந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைகால் ஒரு முறை வெட்டி இழுக்கிறது. ‘காக்கா வலிப்பு’ என்று ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். இன்னொருவர் முகத்தில் சோடாவை அடிப்பார். தொண்டையிலிருந்து கொர்கொர் என்று சத்தம் வரும். ‘மூச்சு இருக்கு, பயமில்ல’ என்பார் மூன்றாமவர். இதயம் நின்றுபோனவருக்கும் முதல் சில நொடிகளில் அந்த வெட்டு வரலாம், சில நிமிடங்கள் வரை அந்தத் திணறலும் வரலாம். அது மூச்சு அல்ல. மூன்று பேரும் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். நேரம்தான் போனது.

அதனால் ‘மூச்சு இருக்கா?’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். தோளைத் தட்டி, ‘கூப்பிட்டா முழிக்கிறாரா? மூச்சு எப்பவும்போல வருதா?’ என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், ஏன், சந்தேகமென்றாலும் நெஞ்சை அமுக்கத் தொடங்கிவிடலாம். இதைப் பார்க்கப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது 108. ‘யாராவது போன் பண்ணுங்க’ என்றால் யாரும் பண்ண மாட்டார்கள். ‘நீலச் சட்டை அண்ணே, நீங்க 108 போடுங்க, ஸ்பீக்கர்ல வைங்க’ என்று ஆளைக் கைகாட்டிச் சொல்ல வேண்டும். அதற்குள் கூட்டம் அவரைத் தூக்கி ஆட்டோவில் போடப் பார்க்கும். அங்கே இடமுமிருக்காது, அமுக்கவும் முடியாது. ‘தரையில மல்லாக்கப் படுக்க வைங்க’ என்பதுதான் கட்டளை. ‘தூக்காதீங்க’ என்று கத்தினால் இரைச்சலில் ‘தூக்கு’ மட்டும்தான் காதில் விழும். நம் மொழியில் மறுப்பு வினைக்குப் பின்னால்தான் வருகிறது. ஆகவே செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். ‘நிறுத்தாதீங்க’ வேண்டாம், ‘அமுக்கிக்கிட்டே இருங்க’ என்று சொல்லுங்கள்.

கையை எங்கே வைப்பது? ‘இதயத்தை அமுக்குங்க’ என்று சொன்னால் கை இடது பக்கம்தான் போகும். ‘நடு நெஞ்சு’ என்று சொல்லுங்கள். நடு எலும்பின் கீழ்ப்பாதியில், மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை மேட்டை வைத்து, அதன்மேல் மறு கையை வைக்க வேண்டும். ‘முழங்கை நேரா.’ கையை மடக்கி அமுக்குபவர் சீக்கிரமே களைத்துவிடுவார். உடம்பின் எடையே நெஞ்சில் இறங்க வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல், ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். அமுக்கிய பிறகு ‘நெஞ்சு எழும்பட்டும், கை ஒட்டியே இருக்கட்டும்’ என்று சொல்லுங்கள். நெஞ்சு முழுதாக எழும்பினால்தான் இதயத்தில் மறுபடி இரத்தம் நிரம்பும். விழுந்தவர் பெண்ணென்றாலும் இடம் அதேதான், துணிமேலேயே அமுக்கலாம்.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பதற்றத்தில் யாருக்கும் கணக்கு வராது, அதனால் வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ எல்லாம் இரண்டு தட்டில் முடிகிற சொற்கள், கையோடு ஓடிவரும். பத்தைத் தாண்டினால் ‘பதினொண்ணு, பன்னெண்டு’ என்று நாக்கு நீண்டு கையும் தளரும். எனவே பத்தானதும் மறுபடி ஒன்றிலிருந்தே எண்ணலாம். ஒரு பத்து ஐந்து ஆறு நொடியில் முடிய வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ‘மாத்து’ என்று குரல் கொடுத்தால் அடுத்தவர் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுத் தயாராக இருப்பார். அமுக்கும்போது விலா எலும்பு முறியும் ஓசை கேட்டாலும் தொடர வேண்டும். அவர் கை கால் அசைத்தாலோ கண் திறந்தாலோ நிறுத்திப் பார்க்கலாம்.

கையால் மட்டும் செய்யும் இந்த முறை திடீரென்று விழும் பெரியவர்களுக்கானது. நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு ஊதுவதும் சேர வேண்டும். அதைத் தெரிந்தவர் யாரும் அருகில் இல்லையென்றால், சும்மா நிற்பதைவிட அமுக்குவது மேல்.

‘நாளைக்கு நம்ம மேல கேஸ் வருமோ’ என்ற பயமும் பலரின் கையைக் கட்டிப்போடுகிறது. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவருக்கு நல்லெண்ணத்தில் அவர் நன்மைக்காகச் செய்வதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு பாதுகாக்கிறது. சாலை விபத்தென்றால் இன்னும் தெளிவு. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தில் உதவியவர் மீது அதனால் நேர்ந்த பாதிப்புக்காக உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ இல்லை. பெயர், முகவரி சொல்லும்படி போலீஸாரோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த உரிமைகளை உள்ளூர் மொழியிலும் எழுதி, மருத்துவமனைகள் வாசலிலோ எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலோ வைக்க வேண்டும் என்று 2020இல் வந்த விதிகள் சொல்கின்றன. யாராவது தடுத்து நிறுத்தினால் அந்தப் பலகையைக் காட்டலாம்.