வரிசை எங்கிருந்து எதுவரை குலைந்திருக்கிறது?

10, 20, 30, 50, 40, 15, 60, 70. இந்த எட்டு எண்களும் ஏறுவரிசையில் நிற்க வேண்டும். அதற்காக எட்டையும் கலைத்துப்போட்டு அடுக்கத் தேவையில்லை. நடுவில் தொடர்ச்சியான ஒரு பகுதியைச் சீர்செய்தாலே போதும். அப்படிப் போதுமான பகுதிகளில் மிகக் குறுகியது எது? நிரலர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் லீட்கோட் தளத்தின் 581-ஆம் கணக்காக இதைச் சந்திக்கிறார்கள்.

பார்த்ததும் கண்ணில் படுவது 50, 40, 15 என்று இறங்கும் இடம்தான். பலரும் அங்கேதான் வழுக்குகிறார்கள். அந்த மூன்றையும் 15, 40, 50 என்று மாற்றிப் பாருங்கள்: 30-ஐ அடுத்து 15 வந்து நிற்கும். 15 போய்ச் சேரவேண்டிய இடம் 10-க்கு அடுத்தது. அது அங்கே போனால் 20-ம் 30-ம் நகர்ந்தாக வேண்டும். பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டும் ஒப்பிட்டால் இது தெரியவே தெரியாது.

ஆகவே கேள்வியை வேறுவிதமாகக் கேட்க வேண்டும். ஓர் எண்ணுக்கு இடப்பக்கம் எங்கேனும் அதைவிடப் பெரியது இருக்கிறதா? இருந்தால், அந்த எண் குலைந்த பகுதியைச் சேர்ந்தது. அதேபோல், வலப்பக்கம் எங்கேனும் தன்னைவிடச் சிறியது இருக்கும் எண்ணும் அதில் சேரும்.

முதல் கேள்விக்கு இடமிருந்து வலமாக ஒரு நடை. இதுவரை கண்ட மிகப்பெரிய எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போனால் போதும். 50 வரை சிக்கல் இல்லை. 40 வருகிறது, 50-ஐவிடச் சிறியது; அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறோம். அடுத்த 15-ம் சிறியது. குறி அங்கே நகர்கிறது. 60-ம் 70-ம் அதை அசைப்பதில்லை. பகுதியின் முடிவு 15.

இனி வலமிருந்து இடமாக, கண்டவற்றில் மிகச்சிறிய எண்ணை நினைவில் வைத்தபடி வர வேண்டும். 70, 60, 15 வரை குறையில்லை. அதன்பின் 40, 50, 30, 20 எல்லாமே 15-ஐவிடப் பெரியவை. குறி ஒவ்வொன்றாக நகர்ந்து 20-ல் வந்து நிற்கிறது. 10 சிறியது, தப்பித்தது. விடை: 20 முதல் 15 வரை, ஐந்து எண்கள்.

சமமான எண்களிடம் கவனம் தேவை. 1, 2, 2, 3 ஏற்கெனவே சீரானது. 'சிறியது' என்பதற்குப் பதில் 'சிறியது அல்லது சமம்' என்று நிரலில் எழுதிவிட்டால், இல்லாத குறை இருப்பதாகக் காட்டும்.

முழுவதையும் அடுக்கி, பழைய வரிசையோடு ஒப்பிட்டும் விடை காணலாம். ஆனால் 10 லட்சம் எண்கள் இருந்தால், பொதுவான அடுக்கும் முறைகளுக்கு ஏறத்தாழ 2 கோடி ஒப்பீடுகள் வேண்டியிருக்கும். இரண்டு நடைக்கோ 20 லட்சமே போதும். வரிசையின் நகலும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் இந்த நீளத்திடம் எதிர்பார்க்கக் கூடாது. 2, 3, 4, 5, 1 என்ற வரிசையில் இடம் தவறி நிற்பது 1 மட்டுமே. ஆனாலும் விடை ஐந்து எண்களும்தான்.